செக்கைப் படம் பிடித்துப் போடும்போது: பின்பக்கக் கையெழுத்திலிருந்து பணம் கைக்கு வரும் வரை

அமெரிக்காவில் வாடகை வீட்டைக் காலி செய்தால், சில வாரங்கள் கழித்து ஜன்னல் வைத்த கவர் ஒன்று தபாலில் வரும். உள்ளே மூன்றாக மடித்த தாள், அதன் அடியில் செக். சம்பளம் எல்லாம் நேரடியாகக் கணக்கில் ஏறிவிடும் இந்தக் காலத்திலும் வீட்டு அட்வான்ஸ், இன்ஷூரன்ஸ் தொகை, மருத்துவமனை திருப்பித் தரும் பாக்கி போன்றவை பேப்பர் செக்காகத்தான் பெரும்பாலும் வருகின்றன. வங்கிக்குப் போகாமல் போனிலேயே போட்டுவிடலாம் என்று உட்கார்ந்தால், இரண்டு நிமிடத்தில் முடிய வேண்டிய வேலை சிலருக்கு இரண்டு வாரம் இழுக்கிறது. ஏன் என்று புரிந்துகொள்ள ஒரே ஒரு செக்கை எடுத்துக்கொண்டு அதன் பின்னாலேயே போய்ப் பார்ப்போம்.

அட்வான்ஸ் திரும்பி வந்த செக் அது. தொகை 2,400 டாலர். வீட்டை நிர்வகிக்கும் கம்பெனி கொடுத்தது. கணவன், மனைவி இருவர் பெயருக்கும் எழுதியிருக்கிறது. மூன்றாக மடித்து வந்ததால் குறுக்கே மடிப்புக் கோடு ஓடுகிறது. தேதிக்குக் கீழே சின்ன எழுத்தில், 90 நாளுக்குப் பிறகு செல்லாது என்று அச்சாகியிருக்கிறது. சாதாரணச் செக்தான். ஆனால் போனில் போடும்போது சிக்க வைக்கிற எல்லாமே இதில் இருக்கிறது.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். நாம் போனில் போடும்போது செக் எங்கும் போவதில்லை, படம்தான் போகிறது. பேப்பர் நம் மேஜை இழுப்பறையிலேயே கிடக்கிறது. ஒரு காலத்தில் செக்குகளை மூட்டையாகக் கட்டி விமானத்தில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு விமானங்கள் நின்றபோது செக்குகளும் நின்றன. 2003-இல் கொண்டுவந்து 2004 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த ‘செக் 21’ சட்டம், படத்திலிருந்து அச்சிட்ட நகலுக்கு அசல் செக்கின் மதிப்பைக் கொடுத்தது. வங்கிகள் படத்தை மட்டும் பரிமாறிக்கொள்ள அது வழிவிட்டது. போன் கேமரா இந்த ஏற்பாட்டில் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. ஆகவே ‘வங்கிக்காரர் செக்கைப் பார்த்துப் புரிந்துகொள்வார்’ என்ற நம்பிக்கை இங்கே செல்லாது. படத்தில் தெரியாதது செக்கிலும் இல்லை என்றுதான் கணக்கு.

பின்பக்கம்தான் முதல் வேலை

படம் எடுப்பதற்கு முன் செக்கைத் திருப்பிப் போடுங்கள். ஒரு ஓரத்தில் கையெழுத்துக்கான கோடுகள் இருக்கும். கோடு இல்லாவிட்டாலும், அந்த ஓரத்திலிருந்து ஒன்றரை அங்குலம்தான் நம் இடம். மீதி இடம் வங்கிகள் தங்கள் முத்திரையைப் போடுவதற்கு. கறுப்பு அல்லது கருநீல பால்பாயிண்ட் பேனாவால் கையெழுத்துப் போட்டு, அதன் கீழே வங்கி கேட்கும் வாசகத்தை எழுத வேண்டும். பெரும்பாலும் இப்படி இருக்கும்:

```
For Mobile Deposit Only
```

சில வங்கிகள் தங்கள் பெயரையும் இதில் சேர்த்து எழுதச் சொல்லும். சில செக்குகளில் இந்த வாசகத்துக்கென்றே ஒரு குட்டிக் கட்டம் அச்சிட்டிருப்பார்கள். அந்தக் கட்டத்தில் டிக் அடித்தால் போதுமா, கையால் எழுதியே ஆக வேண்டுமா என்பது வங்கிக்கு வங்கி மாறும். எழுதிவிடுவது நல்லது, மை ஒன்றும் குறைந்துவிடாது.

இந்த வாசகத்தை வெறும் சம்பிரதாயம் என்று பலர் நினைக்கிறார்கள். அதற்குப் பின்னால் பணம் இருக்கிறது. போனில் போட்ட பிறகும் அசல் பேப்பர் நம்மிடமே இருப்பதால், அதையே இன்னொரு வங்கிக் கவுண்டரில் கொடுத்து மறுபடி பணம் வாங்கிவிடலாம். அப்படி நடந்தால் நஷ்டம் யார் தலையில்? 2018 ஜூலையில் நடைமுறைக்கு வந்த மத்திய வங்கி விதித் திருத்தத்தின்படி, பேப்பரை நம்பி வாங்கிய வங்கி தன் நஷ்டத்தை, போன் வழியே படத்தை வாங்கிய வங்கியிடம் கேட்கலாம். ஆனால் பேப்பரின் பின்னால் ‘மொபைல் டெபாசிட்டுக்கு மட்டும்’ என்று எழுதியிருந்தும் அதைக் கவனிக்காமல் வாங்கியிருந்தால் கேட்க முடியாது. அந்த ஒரு வரிதான் உங்கள் வங்கிக்குக் கவசம். அதனால்தான் அந்த வரி இல்லாத செக்கை, படம் எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும், திருப்பி அனுப்புகிறார்கள்.

நம் செக்கில் இரண்டு பெயர். இரண்டுக்கும் நடுவே என்ன அச்சாகியிருக்கிறது என்று பாருங்கள். ‘அண்ட்’ என்றிருந்தால் இருவரும் கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும். ‘ஆர்’ என்றிருந்தால் ஒருவர் போதும். இரண்டும் இல்லாமல் ஒரு சாய்வுக் கோடோ, ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு பெயர்களோ இருந்தால், சட்டம் அதை ‘ஆர்’ பக்கம்தான் சேர்க்கிறது. ஆனாலும் வங்கி ஊழியருக்குச் சந்தேகம் வந்தால் நிறுத்தி வைப்பார். பேசாமல் இருவரும் போட்டுவிடுங்கள். இன்னொன்றும் உண்டு. ‘அண்ட்’ செக்கை ஒருவர் பெயரில் மட்டும் உள்ள கணக்கில் போட்டால், இரண்டு கையெழுத்து இருந்தும் பல வங்கிகள் ஆப்பில் ஏற்காது. ஜாயின்ட் கணக்கு இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் இருவரும் அடையாள அட்டையோடு கிளைக்குப் போக வேண்டியதுதான்.

நம்மவர்களுக்கென்றே ஒரு தனித் தலைவலி, பெயர். இனிஷியலோடு வளர்ந்த பெயர் பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, விசாவில் ஒரு மாதிரி, வங்கியில் ஒரு மாதிரி. அப்பா பெயர் சிலருக்குக் கடைசிப் பெயராகிறது, சிலருக்கு முதல் பெயராகிவிடுகிறது. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்து, விசாவில் ‘முதல் பெயர் தெரியாது’ என்று பொருள்படும் எஃப்.என்.யூ. என்ற மூன்றெழுத்து ஒட்டிக்கொண்டு, அதுவே வங்கிக் கணக்குக்கும் வந்து சேர்ந்தவர்கள் உண்டு. செக் எழுதும் கம்பெனிக்கு இதெல்லாம் தெரியாது. அவர்கள் ஒப்பந்தத்தில் பார்த்த பெயரை அடித்துவிடுவார்கள். செக்கில் உள்ள பெயர் உங்களைத்தான் குறிக்கிறது, எழுத்துதான் பிசகியிருக்கிறது என்றால், செக்கில் உள்ளபடி ஒரு கையெழுத்தும், அதன் கீழே கணக்கில் உள்ளபடி இன்னொரு கையெழுத்தும் போடுங்கள். சட்டம் இதற்கு இடம் தருகிறது, வங்கியும் இரண்டையும் கேட்கலாம். எழுத்துப்பிழை, முன்பின் மாற்றம் போன்றவற்றுக்கு இது போதும். பெயரே வேறாக இருந்தால் போதாது. அப்போது கம்பெனியிடம் திருத்திய செக் கேட்பதுதான் வழி.

படம்: போனில் வண்ணம், வங்கியில் கறுப்பு வெள்ளை

படம் எடுப்பதில் எல்லோரும் சொல்லும் அறிவுரை ஒன்றேதான்: வெளிச்சம் வேண்டும், பின்னணி இருட்டாக இருக்க வேண்டும், நான்கு மூலையும் தெரிய வேண்டும். சரிதான். ஆனால் காரணம் தெரிந்தால்தான், படம் தள்ளப்படும்போது எதை மாற்றுவது என்று தெரியும்.

உங்கள் போன் எடுப்பது துல்லியமான வண்ணப் படம். வங்கிகளுக்கு இடையே போவதோ பொதுவாக வெறும் கறுப்பு வெள்ளைப் படம், அங்குலத்துக்கு 200 புள்ளி என்ற அளவில். ஆறங்குலம் நீளம், இரண்டே முக்கால் அங்குலம் உயரம் உள்ள ஒரு தனிநபர் செக், அந்த அளவில் 1,200 புள்ளிக்கு 550 புள்ளி. அதில் ஒவ்வொரு புள்ளியும் ஒன்று கறுப்பு, இல்லை வெள்ளை. நடுவில் சாம்பல் நிறம் என்று ஒன்று கிடையாது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு செக்கைப் பாருங்கள். வெளிர் நீல ஜெல் பேனாவில் போட்ட கையெழுத்து வெள்ளையாகி மறைந்துவிடும். உங்கள் கையின் நிழல் கறுத்து எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். மடிப்புக் கோட்டின் நிழல் ஓர் எண்ணின் குறுக்கே கோடு கிழித்ததுபோல் ஆகிவிடும். கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்த படத்தை ஆப் ஏன் மறுக்கிறது என்ற எரிச்சலுக்கு, பெரும்பாலும் விடை இதுதான்.

பின்னணி இருட்டாக இருக்கச் சொல்வது, செக்கின் விளிம்பு எங்கே முடிகிறது என்று ஆப் கண்டுபிடிப்பதற்காக. வெள்ளை மேஜையில் வெள்ளைச் செக்கை வைத்தால் அதற்கு ஓரம் பிடிபடாது. கறுப்புக் கண்ணாடி மேஜையும் ஆகாது, விளக்கு அதில் பளபளக்கும். மங்கலான கருநிறத் துணி, மரப்பலகை, லேப்டாப் பை, எது வேண்டுமானாலும் போதும். கோலம் போட்டாற்போன்ற டிசைன் துணி வேண்டாம்.

மடிந்து வந்த செக்கை முதலில் தட்டையாக்குங்கள். கனமான புத்தகத்தின் அடியில் கால் மணி நேரம் வைத்தால் போதும். அயர்ன் பாக்ஸ் வேண்டாம், சில செக்குகளில் சூடு பட்டால் நிறம் மாறும் மை இருக்கும். போனைச் செக்குக்கு நேர் மேலே, மேஜைக்கு இணையாகப் பிடியுங்கள். தலைக்கு நேர் மேலே இருக்கும் விளக்கு நம் நிழலைச் செக்கின்மேல் விழச் செய்யும். ஜன்னலோரம் பகல் வெளிச்சத்தில், வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வரும்படி எடுத்தால் ஃபிளாஷே தேவைப்படாது. ஆப் தானாகப் படம் எடுக்கும் வசதி இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். நாமே பட்டனை அழுத்தும்போது போன் ஆடுகிறது.

செக்கின் அடியில் ஓடும் எண் வரிசைக்குத்தான் அதிகக் கவனம் வேண்டும். விசித்திரமான வடிவத்தில் அச்சான அந்த எண்களைச் சுற்றி, செக்கின் அடி ஓரத்திலிருந்து முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான பட்டை வேறெதுவும் இல்லாமல் சுத்தமாக இருக்க வேண்டும். கையெழுத்தின் வால் அந்தப் பட்டைக்குள் இறங்கி ஒரு எண்ணைத் தொட்டுவிட்டால் இயந்திரம் குழம்பும். அந்த வரிசையில், வங்கியைக் குறிக்கும் ஒன்பது எண் உள்ள ரவுட்டிங் நம்பருக்குள்ளேயே ஒரு சரிபார்ப்புக் கணக்கு இருக்கிறது. எண்களை வரிசையாக 3, 7, 1 என்று மாற்றி மாற்றிப் பெருக்கிக் கூட்டினால் பத்தால் மீதியின்றி வகுபட வேண்டும். ஆகவே அதில் ஓர் எண்ணைத் தப்பாகப் படித்தாலும் ஆப் உடனே கண்டுபிடித்துவிடும். பக்கத்தில் இருக்கும் கணக்கு எண்ணுக்கு அப்படி எல்லா வங்கிக்கும் பொதுவான சோதனை கிடையாது. அங்கே நிழல் விழுந்து 3 என்பது 8 ஆகிவிட்டால், ஆப் ஏற்றுக்கொண்டு, மூன்று நாள் கழித்து ‘அப்படி ஒரு கணக்கே இல்லை’ என்று திரும்பி வரும். படத்தை அனுப்புமுன் அந்த வரிசையை மட்டும் பெரிதாக்கி, பேப்பரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பத்து விநாடி வேலை.

கம்பெனி செக்குகளில் இன்னொரு குறும்பு. நகல் எடுத்தால் மட்டும் தெரியும்படி ‘வாய்டு’ என்ற சொல்லைப் பின்னணி டிசைனுக்குள் ஒளித்து அச்சிட்டிருப்பார்கள், ஜெராக்ஸ் மோசடியைத் தடுக்க. சில வெளிச்சத்தில் போன் படத்திலும் அது எழுந்து நிற்கும். இதற்குச் செக்கில் எந்தக் குறையும் இல்லை. ஃபிளாஷை அணைத்துவிட்டு, வெளிச்சத்தின் திசையை மாற்றி, போனைச் சற்று உயர்த்தி எடுத்துப் பாருங்கள். இரண்டு மூன்று முறையிலும் போகவில்லை என்றால் போராட வேண்டாம், வங்கியின் ஏடிஎம்மில் பேப்பரையே போட்டுவிடுங்கள்.

தொகையை ஆப்பில் அடிக்கும்போது செக்கில் உள்ள எண்ணை மட்டும் பார்க்காதீர்கள், எழுத்தில் உள்ளதையும் படியுங்கள். இரண்டும் வேறுபட்டால் சட்டப்படி எழுத்தில் இருப்பதே தொகை. கையால் எழுதிய செக்குகளில் இந்தப் பிசகு வரும். அப்படி ஒன்று கையில் கிடைத்தால், கொடுத்தவரிடமே வேறு செக் கேட்பதுதான் நல்லது. புள்ளியை விட்டுவிட்டு 2,400-ஐ 24 என்று அடித்தவர்களும் உண்டு. பல ஆப்களில் கடைசி இரண்டு எண் தானாகவே சென்ட் ஆகிவிடும்.

பணம் எப்போது கைக்கு வரும்

நம் செக்கை வெள்ளிக்கிழமை இரவு 9.30-க்குப் போடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். வங்கியின் அன்றைய கெடு 9 மணி. அரை மணி நேரம்தான் தாமதம், ஆனால் வங்கியின் கணக்குப்படி அந்தச் செக் திங்கட்கிழமைதான் வந்தது. சனி, ஞாயிறு வேலை நாள் இல்லை. சனிக்கிழமை கிளை திறந்திருந்தாலும் இந்தக் கணக்கில் அது சேராது. கூட்டாட்சி விடுமுறைகளும் சேராது. தீபாவளிக்கு வங்கி திறந்திருக்கும், கொலம்பஸ் தினத்துக்கு மூடியிருக்கும் என்பதை நாள்காட்டியில் குறித்து வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

திங்கள் வரவு என்றால், சாதாரண அட்டவணைப்படி செவ்வாய்க்கிழமை முதல் 275 டாலர் எடுக்கலாம். 2025 ஜூலைக்கு முன் இது 225 டாலராக இருந்தது. மீதி 2,125 டாலர் புதன்கிழமை. ‘ரெகுலேஷன் சிசி’ என்ற மத்திய வங்கி விதி வகுத்த அட்டவணை இது. ஆனால் இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. அந்த விதி, பேப்பரை வங்கியில் நேரில் கொடுப்பதையும் ஏடிஎம்மில் போடுவதையும் மனத்தில் வைத்து எழுதியது. போனில் போடும் படத்துக்கு அந்தக் கெடு தங்களைக் கட்டுப்படுத்தாது என்று பல வங்கிகள் மொபைல் டெபாசிட் ஒப்பந்தத்தில் எழுதி வைத்திருக்கின்றன. நடைமுறையில் இதே அட்டவணையை ஒட்டித்தான் நடக்கிறார்கள். என்றாலும் ‘சட்டம் சொல்கிறது’ என்று போனில் சண்டை போடுமுன் அந்த ஒப்பந்தத்தைப் படித்துவிடுங்கள். ஆப்பில் டெபாசிட் பக்கத்திலேயே அதற்கு இணைப்பு இருக்கும். அவசரமாகப் பணம் வேண்டும் என்றால், செக்கை ஊழியர் கையில் நேரில் கொடுப்பதுதான் பலமான வழி. வங்கியே தன் பொறுப்பில் தரும் கேஷியர்ஸ் செக்கை உங்கள் கணக்கில் நேரில் போட்டால், பொதுவாக மறுநாளே பணம் கிடைக்க வேண்டும். அதையே போனில் போட்டால் அந்தச் சலுகை போய்விடுகிறது.

அடுத்தது நீட்டித்த ஹோல்டு, அதாவது பணத்தை எடுக்க விடாமல் வங்கி நிறுத்தி வைக்கும் காலம். வங்கி இன்னும் ஐந்து வேலை நாள் வரை கூட்டிக்கொள்ளலாம், ஆக மொத்தம் ஏழு. நம் கணக்கில் திங்களுக்குப் பிறகு ஏழு வேலை நாள் என்றால் அடுத்த வாரப் புதன்கிழமை. எப்போது இப்படிச் செய்வார்கள் என்றால்: ஒரே நாளில் போட்ட செக்குகளின் மொத்தம் 6,725 டாலரைத் தாண்டினால் தாண்டிய தொகைக்கு, முன்பு திரும்பி வந்த அதே செக்கை மறுபடி போட்டால், கணக்கில் அடிக்கடி பணம் மைனஸுக்குப் போயிருந்தால், அல்லது இந்தச் செக் தேறாது என்று நினைக்க நியாயமான காரணம் இருந்தால். கணக்கு தொடங்கி முப்பது நாள் ஆகாதவர்களுக்கு விதியே வேறு, அவர்களுக்கு இன்னும் நீளலாம். ஆகஸ்டில் வந்து இறங்கி, கணக்கைத் திறந்த கையோடு முதல் செக்கைப் போனில் போடும் மாணவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். செமஸ்டர் கட்டணக் கெடு வெள்ளிக்கிழமை என்றால், புதன்கிழமை போட்ட செக்கை நம்பாதீர்கள்.

ஆப்பில் ஒரு நாளைக்கு இவ்வளவு, ஒரு மாதத்துக்கு இவ்வளவு என்று வரம்பும் உண்டு. அது வங்கிக்கும், கணக்கின் வயதுக்கும் தகுந்தபடி மாறும். தொகையை அடிக்கும் கட்டத்துக்குக் கீழேயே பெரும்பாலும் காட்டியிருப்பார்கள்.

‘கிடைத்தது’ வேறு, ‘தேறியது’ வேறு

எதையாவது ஒன்றை இரண்டு முறை படிக்க வேண்டும் என்றால் இந்தப் பகுதியைப் படியுங்கள். புதன்கிழமை ஆப்பில் 2,400 டாலரும் எடுக்கலாம் என்று காட்டினால், செக் தேறிவிட்டது என்று அர்த்தம் இல்லை. உங்கள் வங்கி அதைத் தற்காலிகமாக உங்களுக்குக் கொடுத்திருக்கிறது. கம்பெனியின் வங்கி அந்தப் படத்தைப் பெற்ற மறுநாள் நள்ளிரவுக்குள் ‘மாட்டேன்’ என்று சொல்ல உரிமை உண்டு. அந்தச் சொல் உங்கள் வங்கிக்கு வந்து சேர இன்னும் ஓரிரு நாள் ஆகலாம். அப்படித் திரும்பினால் உங்கள் கணக்கிலிருந்து அதே தொகையை எடுத்துக்கொள்வார்கள், பல வங்கிகள் திரும்பிய செக்குக்குத் தனிக் கட்டணமும் பிடிக்கும். நீங்கள் அதற்குள் செலவழித்திருந்தால் கணக்கு மைனஸ்.

கள்ளச் செக் மோசடிகள் இந்த இடைவெளியில்தான் பிழைப்பு நடத்துகின்றன. பழைய சோபாவை விற்க விளம்பரம் கொடுத்தவருக்கு, கேட்ட விலையைவிடப் பெரிய செக் வருகிறது. ‘தவறுதலாக அதிகம் போட்டுவிட்டேன், மீதியை அனுப்பிவிடுங்கள்’ என்று செய்தி. வீட்டிலிருந்து செய்யும் பகுதி நேர வேலை என்று மாணவர்களுக்கும் இப்படியே செக் அனுப்புகிறார்கள், ‘பொருள் வாங்கிக்கொள், பாக்கியைத் திருப்பி அனுப்பு’ என்று. கணக்கில் பணம் தெரிகிறது, நம்பி அனுப்பிவிடுகிறார்கள். நல்ல கள்ளச் செக் என்றால் அது கள்ளம் என்று வெளிப்பட வாரக்கணக்கில் ஆகலாம். அனுப்பிய பணம் போனது போனதுதான், வங்கிக்குத் தர வேண்டியது உங்கள் பொறுப்பு. முன்பின் தெரியாதவர் கொடுத்த செக்கிலிருந்து ஒரு பகுதியை இன்னொருவருக்கு அனுப்பச் சொன்னால், அதற்கு நேர்மையான காரணம் எதுவும் இருக்க முடியாது.

தள்ளுபடி ஆனால்: எந்தக் கட்டத்தில் என்று பாருங்கள்

ஆப் அந்த இடத்திலேயே மறுத்தால் அது பெரும்பாலும் படத்தின் குறை, அல்லது வரம்பு. மேலே சொன்னபடி வெளிச்சத்தையும் பின்னணியையும் மாற்றி மறுபடி எடுக்கலாம், பயமில்லை.

ஆப் வாங்கிக்கொண்டு, சில மணி நேரம் கழித்தோ மறுநாளோ மின்னஞ்சல் வந்தால், உங்கள் வங்கியில் ஒருவரோ ஒரு சோதனை முறையோ பார்த்து நிறுத்தியிருக்கிறது. பின்பக்க வாசகம் இல்லை, இரண்டாவது கையெழுத்து இல்லை, பெயர் ஒத்துப்போகவில்லை என்பவை அடிக்கடி வருபவை. தேதியும் இங்கேதான் காலை வாரும். வருங்காலத் தேதி போட்ட செக்கை அந்தத் தேதி வரும்வரை போடாதீர்கள். ஆறு மாதம் தாண்டிய சாதாரணச் செக்கை மதிக்க வேண்டிய கட்டாயம் வங்கிக்கு இல்லை. அரசுக் கருவூலச் செக்குக்கு ஒரு வருடம். நம் செக்கில் 90 நாள் என்று அச்சிட்டிருப்பதால் அதற்குள் போட்டுவிடுவதே உத்தமம். குறையைத் திருத்திவிட்டு மீண்டும் போடலாம், ஆனால் முதல் முயற்சி நிஜமாகவே ரத்தாகிவிட்டதா என்று உறுதி செய்துகொண்டு பிறகு போடுங்கள். பெண்டிங்கில் இருக்கும்போதே இரண்டாவது முறை போட்டால், ஒரே செக் இருமுறை வந்ததாக எச்சரிக்கை எழுந்து, சில வங்கிகள் உங்களுக்கு மொபைல் டெபாசிட் வசதியையே முடக்கிவிடும். கணவன் தன் ஆப்பிலும் மனைவி தன் ஆப்பிலும் ஆளுக்கொரு முறை போட்டுவிடும் கதை, இரண்டு பெயர்ச் செக்கில் சகஜம்.

சில வகைகளை ஆப் ஏற்பதே இல்லை. இன்னொருவருக்கு எழுதிய செக்கை அவர் உங்களுக்கு மாற்றிக் கையெழுத்திட்டுத் தந்தது, மணி ஆர்டர், வெளிநாட்டு வங்கிச் செக் போன்றவை பெரும்பாலான வங்கிகளில் இந்தப் பட்டியலில் வரும். ஊரிலிருந்து மாமா கல்யாணத்துக்குக் கொடுத்த ரூபாய்ச் செக்கை இங்கே படம் பிடித்துப் பயனில்லை. அதன் அடியில் இருக்கும் எண் அமைப்பே வேறு. அதை இந்தியாவில் உள்ள கணக்கில்தான் போட வேண்டும்.

மூன்றாவது கட்டம், செக் எழுதியவரின் வங்கியே திருப்பி அனுப்புவது. பணம் போதாது, கணக்கு மூடியாகிவிட்டது, பணம் தர வேண்டாம் என்று எழுதியவரே நிறுத்தியிருக்கிறார் என்று காரணம் வரும். கம்பெனி செக்கில் ‘எழுதியவரைக் கேள்’ என்ற பொருளில் ஒரு குறிப்பு வருவதும் உண்டு. பல கம்பெனிகள் தாங்கள் கொடுத்த செக்குகளின் எண்ணையும் தொகையையும் பட்டியலாக வங்கிக்குக் கொடுத்து வைப்பார்கள். பட்டியலில் இல்லாதது திரும்பிவிடும். கணக்குப் பிரிவில் யாரோ பட்டியலை ஏற்ற மறந்திருப்பார், மாட்டிக்கொள்வது நாம். இந்தக் கட்டத்தில் அதே செக்கை மறுபடி படம் பிடிப்பது வீண். கம்பெனிக்குப் போன் செய்து, திரும்பிய காரணத்தைச் சொல்லி, புதுச் செக்கோ நேரடிப் பரிமாற்றமோ கேளுங்கள். உங்கள் வங்கி பிடித்துக்கொண்ட கட்டணத்தையும் அவர்களிடம் கேளுங்கள், தவறு அவர்களுடையது என்றால் தருவதில் நியாயம் இருக்கிறது. திரும்பிய செக்கின் நகல் ஒன்று தபாலில் வரலாம், அசலைப் போலவே பயன்படும் சட்டப்பூர்வ நகல் என்று அதில் அச்சாகியிருக்கும். அதைப் புதுச் செக் என்று நினைத்து ஆப்பில் போட்டுவிடாதீர்கள். பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், வழக்கு என்று வந்தால் அதுதான் சான்று.

கடைசியாக அந்த அசல் பேப்பர். ஆப் ஏற்றுக்கொண்டதும் கிழித்துப் போடாதீர்கள், மேலே ‘வாய்டு’ என்றும் கிறுக்காதீர்கள். படம் சரியில்லை என்று வங்கி மூன்றாம் நாள் பேப்பரைக் கேட்டால் கையில் இருக்க வேண்டும். ஓரத்தில், டெபாசிட் செய்த தேதியைப் பென்சிலால் குறித்து, குழந்தைகள் கைக்கு எட்டாத கவரில் வையுங்கள். எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கும். இரண்டு வாரம் என்று சொல்லும் வங்கியும் உண்டு, அதைவிட அதிகம் கேட்பதும் உண்டு. அந்த நாள் முடிந்ததும் கணக்கில் தொகை நிலைத்து நிற்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, எண் வரிசை துண்டாகும்படி ஷ்ரெடரில் போடுங்கள்.